கறுப்பு நிறத்துக்கு எந்தக் கெரமல்?

சோயா சோஸ் தயாரித்து ஹோட்டல்களுக்கு விநியோகிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தார். கடைக்காரர் ஒருவர் போத்தலின் லேபலைக் காட்டி, "இதில் ஈ-150 என்று போட்டிருக்கிறதே, இது புற்றுநோய் தருமாமே?" என்று கேட்டுவிட்டாராம். நண்பருக்குப் பதில் தெரியவில்லை. அவர் வாங்கும் கெரமல் பரலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "கெரமல் கலர் என்றுதான் இருக்கும்" என்றார். விடயமே அங்குதான் இருக்கிறது.

கெரமல் என்பது ஒரே பொருளல்ல, நான்கு வகைப்படும். சீனியை அல்லது குளுக்கோஸ் பாகை வெறுமனே சூடாக்கிக் கறுக்க வைத்தால் அது ஈ-150ஏ. சல்பைட் சேர்த்துச் செய்தால் 150பி. அமோனியா சேர்த்துச் செய்தால் 150சி. அமோனியாவும் சல்பைட்டும் சேர்ந்தால் 150டி. புற்றுநோய் பற்றிய சர்ச்சை கடைசி இரண்டையும் பற்றியது மட்டுமே. சூட்டில் சீனி உடைந்து வரும் துண்டுகள் அமோனியாவோடு சேரும்போது 4-மெதைல்இமிடசோல் என்ற உபபொருள் உருவாகிறது. சுருக்கமாக 4-எம்.ஈ.ஐ. என்பார்கள். அமோனியா இல்லாத முதல் வகையில் இந்தப் பிரச்சினை எழுவதில்லை.

அப்படியானால் ஏன் அமோனியா? குறைந்த அளவில் கடும் நிறம் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். மற்றையது மின்னேற்றம். கோலாவில் பொஸ்பரிக் அமிலம் இருக்கிறது. அதற்குள் கலங்காமல் நிற்பது எதிர் மின்னேற்றமுள்ள 150டி. பியரிலுள்ள புரதத்தோடு ஒத்துப்போவதும், சோயா சோஸின் உப்பைத் தாங்குவதும் நேர் மின்னேற்றமுள்ள 150சி. பிழையான வகையைப் போட்டால் போத்தலின் அடியில் சேறு போல மண்டி இறங்கிவிடும். ஆகவே தயாரிப்பாளர்கள் அமோனியாவை விரும்புவது வெறும் இலாபத்துக்காக என்று சொல்வது நியாயமல்ல.

சர்ச்சை எப்படித் தொடங்கியது? 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் இரண்டு வருடகால ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டது. 4-எம்.ஈ.ஐ. கலந்த தீனி கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில், ஆண் பெண் இரண்டிலும், நுரையீரல் கட்டிகள் அதிகரித்திருந்தன. எலிகளில் அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. இதை வைத்தே 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இப்பொருளை '2பி' பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. மிருகங்களில் சான்று போதுமானது, மனிதரில் சான்று போதாது என்பதே இதன் பொருள். '2பி' என்பதை "புற்றுநோய் தரும்" என்று மொழிபெயர்த்துத் துண்டுப் பிரசுரம் அடிப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அதே 2011இல் கலிபோர்னியா மாநிலம் இதைத் தனது புற்றுநோய்ப் பட்டியலில் போட்டது. 2012 பெப்ரவரியில் நாளொன்றுக்கு 29 மைக்றோகிராம் என்று ஓர் எல்லையும் வைத்தது. அதற்கு மேல் போனால் லேபலில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். வாழ்நாள் முழுவதும் தினமும் அந்த அளவை உட்கொண்டால் இலட்சம் பேரில் ஒருவருக்கு மேலதிகமாகப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கில் வந்த எல்லை இது. அதைத் தாண்டிய மறுநாளே நோய் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த ஆண்டில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பொன்று பல நாடுகளின் கொக்கா கோலாவைப் பரிசோதித்தது. 355 மில்லிலீற்றர் டின் ஒன்றில் பிரேசிலில் 267 மைக்றோகிராம், கென்யாவில் 177, வொஷிங்டனில் 144, சீனாவில் 56. கலிபோர்னியாவில் விற்ற டின்னில் வெறும் 4! எச்சரிக்கை வாசகம் போட விரும்பாத கம்பனி, தனது கெரமல் விநியோகஸ்தரிடம் தயாரிப்பு முறையை மாற்றச் சொல்லியிருந்தது. குடிப்பவருக்கு நிறத்திலோ சுவையிலோ வித்தியாசம் தெரியவில்லை. இந்த முழுக் கதையிலும் வியாபாரிக்கு மிக முக்கியமான செய்தி இதுதான் என்பேன். தவிர்க்கவே முடியாத பொருள் என்றால் 267 எப்படி 4 ஆனது?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மிருகங்களுக்குக் கொடுத்த அளவை எட்ட ஒரு மனிதர் தினமும் ஆயிரம் டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பதில் சொன்னது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2011இல் இந்த அளவுகள் கவலைக்குரியவை அல்ல என்றே முடிவு செய்தது. கோப்பிக் கொட்டையை வறுத்தாலும் சிறிதளவு 4-எம்.ஈ.ஐ. உருவாகிறது. என் சொந்த அபிப்பிராயத்தில், அந்த டின்னிலுள்ள ஒன்பது தேக்கரண்டிச் சீனிதான் நமது சமூகத்துக்குப் பெரிய கவலை.

ஆனாலும் நண்பரின் சோஸ் வேறு விடயம். பேசப்படுவதெல்லாம் கோலா, ஆனால் அடர்த்தியாக நிறம் போடுவது சோஸில்தான். அவர் 100 கிலோ சோஸுக்கு 2 கிலோ கெரமல் போடுகிறார். ஐரோப்பிய விதி 150டி கெரமலில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை 4-எம்.ஈ.ஐ.யை அனுமதிக்கிறது. அவருடைய பரலில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோவில் 400 மில்லிகிராம். அது 100 கிலோ சோஸில் பரவினால் ஒரு கிராம் சோஸில் 4 மைக்றோகிராம். பத்துக் கிராம் ஊற்றிச் சாப்பிட்டால் 40 மைக்றோகிராம், கலிபோர்னியாவின் எல்லையைத் தாண்டிவிட்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ள பரலை வாங்கினால் அதே பத்துக் கிராமில் 4 மைக்றோகிராம்தான். சோஸ் செய்முறையில் எதையும் மாற்றவில்லை, பரலை மட்டும் மாற்றினோம்.

ஆகவே முகவரிடம் "கெரமல் என்ன விலை?" என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. எந்த வகை, அந்தத் தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்றிதழில் 4-எம்.ஈ.ஐ. எவ்வளவு, நிற அடர்த்தி எவ்வளவு என்று மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவதை மறப்பவர்கள் அதிகம். உபபொருள் பாதியாகக் குறைந்த கெரமல் நிறத்திலும் பாதிதான் என்றால், இரண்டு மடங்கு ஊற்றுவீர்கள். பிறகு மிச்சமென்ன? விலையையும் அப்படியே, கிலோவுக்கு அல்லாமல் நிறத்துக்கு ஒப்பிடுங்கள். சான்றிதழே இல்லை என்பவரிடம் மலிவு விலைக்காகக் கொள்வனவு செய்தால், வாடிக்கையாளர் கேட்கும்போது உங்களிடம் சொல்ல எதுவும் இருக்காது.

அமோனியாவே வேண்டாம் என்று 150ஏ வகைக்குப் போக நினைப்பவர்கள் அவசரப்படக்கூடாது. அதன் நிறம் மெல்லியது, கூடுதலாகப் போட வேண்டிவரும், சிலவேளை கசப்பும் தட்டும். உப்பும் வினாகிரியும் சேர்ந்த உங்கள் சோஸில் அது நிற்குமா என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். நண்பரிடம் ஐந்து லீற்றர் மட்டும் செய்து, ஒரு போத்தலை வெயில் படும் இடத்திலும் ஒன்றை அலுமாரியிலும் ஒரு மாதம் வைக்கச் சொன்னேன். மூன்றாம் வாரம் அழைத்தார். வெயிலில் வைத்ததன் அடியில் மெல்லிய மண்டி. இப்போது 4-எம்.ஈ.ஐ. குறைந்த 150சி வகைக்குச் சான்றிதழோடு விலை கேட்டிருக்கிறார்.