பழைய போர்டோடு பாஸ்வேர்டு போகாது

திருத்தணியில் துணிக்கடை வைத்திருக்கும் என் மாமாவின் பழைய லேப்டாப்பில் மதர்போர்டு மாற்றினார்கள். ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு கேட்டது. வழக்கமாகப் போடுவதைப் போட்டார், ஏற்கவில்லை. "பாஸ்வேர்டு பழைய போர்டோடு போய்விட்டது, ஃபார்மட் செய்துவிடலாம்" என்றார் கடைக்காரர். உள்ளே ஆறு வருடக் கணக்கு!

இரண்டுமே தவறு. அந்தப் பாஸ்வேர்டு டிஸ்க்குக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. திறக்கும்வரை டிஸ்க் படிக்கவும் விடாது, எழுதவும் விடாது. பிறகு ஃபார்மட் எப்படி நடக்கும்? வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் இதே கதைதான்.

சரியான பாஸ்வேர்டை ஏன் மறுத்தது? சில பயாஸ்கள் நாம் டைப் செய்வதை அப்படியே அனுப்பாமல், தம் முறையில் உருமாற்றி அனுப்பும். புதிய போர்டு வேறு விதமாக அனுப்பினால் டிஸ்க் அதைத் தவறென்றே கொள்ளும். 5 முறை தவறினால், ஆஃப் செய்து மீண்டும் ஆன் செய்தால்தான் அடுத்த முயற்சி.

அதே மாடல், அதே பயாஸ் உள்ள நண்பரின் லேப்டாப்பில் மாட்டினேன், திறந்தது. அங்கேயே செட்டப்பில் பாஸ்வேர்டை நீக்கினேன்.

மறந்தே போயிருந்தால்? மாஸ்டர் பாஸ்வேர்டு தெரிந்திருந்து, பாதுகாப்பு நிலை 'ஹை' என்று இருந்தால் டிஸ்க் திறக்கும். 'மேக்ஸிமம்' என்றால் மாஸ்டரால் முழுவதையும் அழிக்கத்தான் முடியும். டிஸ்க் மிஞ்சும், கணக்கு மிஞ்சாது. "எதையும் திறந்து தருகிறோம்" என்பவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். லேப்டாப் ஓரளவு ஓடும்போதே பாஸ்வேர்டை நீக்கிவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.