நாமினி போட்டால் போதுமா?

திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் என்ன, வீட்டை இருவர் பெயரிலும் வாங்கி, வங்கியில் நாமினி போட்டு, ஒரு பவர் பத்திரமும் எழுதிக்கொண்டால் போயிற்று என்கிறார்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்த பிறகு இந்த ஆலோசனை இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. மூன்றிலும் ஓட்டை இருக்கிறது.

மைசூரில் இரு இந்துப் பெண்கள் சரிபாதிப் பங்கில் வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் மணமாகாதவர்கள், குழந்தை இல்லாதவர்கள். ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தப் பணத்தில் வாங்கிய பாதி, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெற்றோருக்குப் போகும். அவர்களும் இல்லையென்றால் தந்தைவழி வாரிசுகளுக்கு. அவர்கள் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்.

வங்கி நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் வாரிசுகள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். தன்பாலின இணையரும் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், நாமினி ஆகலாம் என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஆனால் அது நாமினியை உரிமையாளர் ஆக்காது.

ஆகவே இருவரும் தனித்தனியே உயில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டே ஆக வேண்டும்; அவர்கள் சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் உறவினர்கள் எதிர்ப்பார்கள் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது உதவும்.

பவர் பத்திரம்தான் பெரிய ஏமாற்றம். எழுதியவர் சித்த சுவாதீனம் இழந்தால் அது செல்லாது. மருத்துவ முடிவுகளுக்கு வேண்டுமானால், 2023இல் உச்ச நீதிமன்றம் எளிமையாக்கிய முன்கூட்டிய மருத்துவ உத்தரவில் இணையரைப் பாதுகாவலராகக் குறிப்பிடலாம். இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் வேண்டும். அதுவும் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கட்டத்துக்குத்தான். சாதாரண அறுவை சிகிச்சையில் யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.