உராய்வுக்கு அம்புக்குறி போட அவசரப்படாதீங்க!

இயற்பியல் பாடநூலில் இருந்து போட்டோ எடுத்து அனுப்பப்படும் கணக்குகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு சாய்தளம், அதன்மேல் ஒரு கட்டை. கீழ்நோக்கி mg, தளத்துக்குச் செங்குத்தாக N, தளத்தின் வழியே மேல்நோக்கி உராய்வு. அந்த உராய்வு அம்பின் பக்கத்தில் μN என்று அச்சடித்திருக்கும். என் வாதம் இதுதான்: அந்த μN அங்கே இருக்கவே கூடாது.

ஏன் என்று கேட்கிறீர்களா? கணக்கைப் போட்டே பார்ப்போம். கட்டை 5 கிலோ, சாய்வு 30°, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7. g-ஐ 10 என்றே வைத்துக்கொள்ளலாம். கட்டையைக் கீழே இழுக்கும் விசை mg sin θ = 25 நியூட்டன். N = mg cos θ = 43.3 நியூட்டன். படத்தை நம்பி உராய்வை μN என்று எழுதினால் 30.3 நியூட்டன் வருகிறது. கீழே 25, மேலே 30.3. அப்படியானால் சும்மா வைத்த கட்டை தானாகவே மேட்டில் ஏற வேண்டும்! விடை இப்படி வந்தால் தப்பு நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

உண்மையில் 30.3 என்பது உராய்வு தரக்கூடிய உச்சவரம்பு, அவ்வளவுதான். கட்டை அசையாமல் இருக்க 25 போதும் என்றால் உராய்வு 25 மட்டுமே தரும். கடையில் பாக்கி 25 ரூபாய் என்றால், பையில் 30 இருக்கிறது என்பதற்காக முழுதும் கொடுப்போமா?

திசையும் அப்படித்தான். அதே கட்டையைக் கயிறு கட்டி, தளத்தின் வழியே மேல்நோக்கி 10 நியூட்டனில் இழுங்கள். உராய்வு 15 ஆகக் குறையும், திசை மேல்நோக்கியே இருக்கும். 25-இல் இழுத்தால் உராய்வு பூஜ்யம். 40-இல் இழுத்தால் உராய்வு 15, ஆனால் இப்போது கீழ்நோக்கி! மூன்றிலும் கட்டை அசையவில்லை. கட்டையும் தளமும் அதேதான், அம்பு மட்டும் மாறிவிட்டது.

அதனால் நான் சொல்வது, படத்தில் உராய்வுக்கு வெறும் f என்று போடுங்கள். திசையை ஊகித்துக்கொள்ளலாம், விடை மைனஸில் வந்தால் திசை எதிர்ப்பக்கம் என்று அர்த்தம். கட்டை நிற்கிறது என்று வைத்து f-ஐக் கண்டுபிடியுங்கள். அது μN-ஐத் தாண்டவில்லை என்றால் விடை அதுவே. தாண்டினால் கட்டை வழுக்குகிறது; அப்போதுதான் இயக்க உராய்வுக் குணகத்தை N-ஆல் பெருக்கி எழுதலாம்.

நம் கட்டைக்குக் கயிறு இல்லாவிட்டால், சாய்வு சுமார் 35° வரும்வரை (tan θ = 0.7) அந்த நிலை வராது. அதற்கு முன்பே μN என்று அச்சடித்துவைப்பது, கேள்வியைக் கேட்பதற்குள் பாதி விடையை, அதுவும் தப்பாக, சொல்லிவிடுவது மாதிரி. நீங்க என்ன சொல்றீங்க?