மூன்று வரி போதும்

வெண்மணி நினைவுக் கூட்டமொன்றில் இன்குலாப்பின் ‘மனுசங்கடா’வை வாசிக்கும் முன் பத்து நிமிடம் பேசினேன். ஆய்வேடு எழுதும் பழக்கம். கோபத்தையும் நானே சொல்லித் தீர்த்துவிட்டதால், கவிதை தொடங்கியபோது கூட்டம் களைத்திருந்தது.

மறு ஆண்டு மூன்றே வரிகள்: “1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட ஊரில், 44 தலித் மக்கள் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.”

ஒரு மூச்சு நிறுத்தினேன். பாட்டு மெட்டில் இழுத்தால் கைத்தட்டல் வரும், சொல் கரைந்துவிடும். அதனால் பேச்சுத் தாளத்திலேயே வாசித்தேன். திரும்பத் திரும்ப வரும் அந்த விளிக்கு முன் மட்டும் ஒரு நொடி இடைவெளி விட்டேன். மூன்றாம் முறை, அந்த இடைவெளியில் கூட்டமே அச்சொல்லைச் சொன்னது.

அறிமுகம் செய்தியைத் தரட்டும் தோழர்களே; கோபத்தைக் கவிதை தரும்.