மூன்று முறை வகையிட்டால் விடை வரும், கணக்கு வருமா?

பதிவு கொஞ்சம் நீளம். உங்களில் சிலருக்குக் கோபமும் வரலாம். வரட்டும்.

போன வாரம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பு. பயிற்சி மையத்தில் கொடுத்த தாளில் ஒரு கணக்கு. x பூஜ்ஜியத்தை நெருங்கும்போது (tan x − sin x)/x³ என்பதன் எல்லை என்ன?

"லோபிதால் போட்டா முடிஞ்சுது தாத்தா" என்று ஆரம்பித்தாள். தொகுதியையும் பகுதியையும் தனித்தனியாக வகையிட்டாள்: (sec²x − cos x)/3x². இன்னும் 0/0. மறுபடி வகையிட்டாள். அங்கேதான் சறுக்கினாள். sec²x-ஐ வகையிட்டால் 2 sec²x tan x வர வேண்டும். அவள் 2 sec x என்று எழுதிவிட்டாள். x-க்குப் பூஜ்ஜியம் போட்டதும் மேலே 2, கீழே 0. "எல்லை இல்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

நான் திட்டவில்லை. கால்குலேட்டரை ரேடியனில் வைத்து 0.1 போட்டுப் பார்க்கச் சொன்னேன். tan 0.1 = 0.1003347, sin 0.1 = 0.0998334. வித்தியாசம் 0.0005013. அதை 0.001-ஆல் வகுத்தால் 0.5013. முடிவிலிக்கு ஓட வேண்டியது அரையில் நிற்கிறதே என்று விழித்தாள். விடையைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையே அந்த மையம் அவளுக்குத் தரவில்லை. என் கோபம் குழந்தை மேல் இல்லை, அந்தப் பழக்கத்தைத் தராதவர்கள் மேல்.

அப்புறம் நம் பழைய வழியைக் காட்டினேன். tan x என்பது sin x / cos x. அப்படியானால் மேலே இருப்பதில் sin x பொதுக் காரணி. வெளியே எடுத்தால்:

tan x − sin x = sin x (1 − cos x)/cos x

x³ கீழே இருக்கிறது. அதில் ஒரு x-ஐ sin x-க்குக் கொடுங்கள், மீதி x²-ஐ 1 − cos x-க்குக் கொடுங்கள்:

(sin x / x) · ((1 − cos x)/x²) · (1/cos x)

முதல் துண்டு 1-ஐ நெருங்கும். கடைசித் துண்டும் 1. நடுத்துண்டுக்கு 1 − cos x = 2 sin²(x/2) என்ற முற்றொருமை. அதைப் போட்டால் நடுத்துண்டு ½ · (sin(x/2) / (x/2))² என்று ஆகும். அடைப்புக்குள் இருப்பது மறுபடி அதே sin θ/θ, எல்லை 1. ஆக நடுத்துண்டு ½. மூன்றையும் பெருக்கினால் விடை ½. மூன்று துண்டுக்கும் எல்லை உண்டு என்பதால்தான் பெருக்கலாம். அதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதில் வகையிடல் எங்கேயாவது வந்ததா? மொத்தமும் sin x/x → 1 என்ற ஒன்றின் மேல் நிற்கிறது. அதுவும் வானத்திலிருந்து விழவில்லை. ஆரம் 1 உள்ள வட்டத்தில் உள் முக்கோணம், வட்டக்கோணப் பகுதி, வெளி முக்கோணம் மூன்றின் பரப்பையும் ஒப்பிட்டு, sin x < x < tan x என்று கரும்பலகையில் போட்டோமே, நினைவிருக்கிறதா? அங்கிருந்துதான் வந்தது.

நம் பாடத்திட்டத்தில் எல்லைகள் பதினொன்றாம் வகுப்பில். லோபிதாலின் விதி பன்னிரண்டில். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. sin x-ஐ வகையிட்டால் cos x என்று நிறுவவே sin x/x → 1 தேவை. அந்த sin x/x-ஐயே லோபிதால் போட்டுக் கண்டுபிடிக்கிறவன், தன் தோளில் தானே ஏறி நிற்கப் பார்க்கிறான்.

இப்போது என் பழைய மாணவர்கள் சிலர், பெரிய பொறியாளர்கள், கேட்பார்கள்: "சார், நுழைவுத் தேர்வில் நேரம் முக்கியம். விதி சரிதானே?" விதி சரிதான் தம்பி. 1696-ல் லோபிதால் தன் புத்தகத்தில் அச்சிட்ட நாள் முதல் சரியாகத்தான் இருக்கிறது. கண்டுபிடித்தவர் யோகான் பெர்னூலி, பெயர் போனது பிரபுவுக்கு, அது வேறு கதை. பேத்தி தவறில்லாமல் செய்திருந்தால் மூன்றாவது படியில் (2 sec⁴x + 4 sec²x tan²x + cos x)/6 வந்திருக்கும். பூஜ்ஜியம் போட்டால் 3/6, அதாவது அதே ½. ஆனால் எது நேரத்தைத் தின்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று தடவை வகையிடல், ஒவ்வொரு தடவையும் 0/0 தானா என்ற சோதனை, அதில் ஒரு சறுக்கலுக்கு இடம். நம் வழி ஒரு காரணி, ஒரு முற்றொருமை.

இன்னொரு குறுக்கு வழியும் ஓடுகிறது. "x சின்னதாக இருந்தால் tan x-க்கு x, sin x-க்கு x போடு." போட்டால் மேலே பூஜ்ஜியம், விடை 0. தப்பு. பெருக்கலில் காரணியாக நிற்பதை அப்படி மாற்றலாம். கழித்தலில் நிற்பதை மாற்றக் கூடாது, ஏனென்றால் நாம் தேடுவதே அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மிகச் சிறிய வித்தியாசத்தை. உங்களில் பாதிப்பேர் என் வகுப்பில் இதைச் செய்து குட்டு வாங்கியவர்கள்தான்.

இது தேர்வோடு போகிற விஷயமும் இல்லை. பத்து இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் கருவியில் x = 0.00001 போடுங்கள். tan x-ம் sin x-ம் ஒரே எண்ணாகத் தெரியும். கழித்தால் 0, விடை 0. அதிக இலக்கம் வைக்கும் கணினியிலும் இதே விபத்து இன்னும் சிறிய x-ல் நடக்கும். அதே x-ஐ sin x · 2 sin²(x/2) / (x³ cos x) என்ற வடிவில் போட்டுப் பாருங்கள், 0.5 வரும். அங்கே கழித்தலே இல்லை. மென்பொருள் எழுதும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவும். வகையிடும் விதி உங்களுக்கு ½ என்ற விடையைத் தரும். காரணிப்படுத்தல் அந்த விடையோடு, பிழையில்லாமல் கணக்கிடும் வடிவத்தையும் தரும்.

நியாயமாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். (tan x − x)/x³ என்று கேட்டால் என் காரணி வித்தை பலிக்காது. x-க்கும் tan x-க்கும் பொதுக் காரணி எடுக்க முற்றொருமை கிடையாது. அங்கே தொடரோ லோபிதாலோ வேண்டும், விடை ⅓. (x − sin x)/x³-க்கு ⅙. இரண்டையும் கூட்டினால் நம் ½ வருகிறதா என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். கதிர் அறுக்க அரிவாள், மண் வெட்ட மண்வெட்டி. எதற்கு எது என்று தெரியாமல் பிள்ளை கையில் ஒன்றை மட்டும் திணிப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வேலை. இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். விடை ½ என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். "x³-ல் எந்த x யாருக்குப் போனது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் ஊருக்கு வரும்போது வீட்டுக்கு அனுப்புங்கள். திண்ணையும் கரும்பலகையும் அப்படியேதான் இருக்கின்றன, கட்டணம் கிடையாது.

பேத்தி ஊருக்குப் போகும்போது அந்தத் தாளில் "எல்லை இல்லை" என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் மூன்று துண்டுகளை எழுதி வைத்திருந்தாள். நான் கேட்காமலேயே கீழே 0.5013 என்றும் குறித்திருந்தாள்.

என் கணக்கில் தப்பிருந்தால் கீழே எழுதுங்கள். குட்டு வாங்க நானும் தயார்.