பாரமான செட் முதலில்

"அண்ணை, எனக்கு இருக்கிறது முக்கால் மணித்தியாலம்தான். மகளை நீச்சலுக்கு விட்டிட்டு ஜிம்முக்கு ஓடி வந்து, அவள் முடிக்க முதல் திரும்பிப் போக வேணும். அதுக்குள்ள எப்பிடி அஞ்சு செட் அடிக்கிறது?" போன மாதப் பத்தியைப் படித்த ஒரு தகப்பன் கேட்ட கேள்வி இது. அஞ்சு செட் வேண்டாம், மூன்று போதும் என்றேன். ஆனால் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

எங்களில் பலருக்குப் பழகியது பிரமிட் முறை. குறைந்த பாரத்தில் பன்னிரண்டு தடவை தூக்கித் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் மிகப் பாரமானதைத் தொடுவது. அந்தக் கடைசிச் செட் வரும்போது கை களைத்துவிடும். நேரமும் முடிந்திருக்கும். ரிவர்ஸ் பிரமிட் இதைத் திருப்பிப் போடுகிறது: உடம்பு சூடானதும் பாரமானது முதலில், பிறகு பாரத்தைக் குறைத்து ரெப்ஸைக் கூட்டுவது.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1940களில் காயப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த மருத்துவர் டிலோர்ம், பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறையைப் பரப்பினார். 1951இல் ஒக்ஸ்ஃபோர்டில் சினோவியெஃப் என்பவர் அதைத் திருப்பினார். பாரமான செட்டுக்கு வருமுன்னரே நோயாளிகள் களைத்துப்போனதுதான் காரணம். ஆனால் அவர் செய்வித்தது பத்து செட்! நேரமில்லாத பெற்றோருக்கு அது சரிவராது.

பெஞ்ச் பிரஸை எடுத்துக்கொள்வோம். உங்களால் 80 கிலோவை ஐந்து தடவை ஒழுங்காகத் தூக்க முடியும் என்று வையுங்கள். முதலில் வெறும் கம்பி, 20 கிலோ, எட்டுத் தடவை. பிறகு 40 கிலோ ஐந்து, 60 கிலோ மூன்று, 70 கிலோ ஒன்றே ஒன்று. இந்தச் சூடாக்கலில்தான் கனபேர் கோட்டை விடுகிறார்கள். 60 கிலோ லேசாக இருக்கிறதே என்று பத்துத் தடவை தூக்கினால், பழைய பிரமிட்டுக்கே திரும்பிவிட்டீர்கள். மூட்டும் தசையும் பாரத்துக்குத் தயாராக வேண்டும், களைக்கக் கூடாது.

மூன்று நிமிடம் ஓய்வெடுத்து 80 கிலோவில் முதல் செட். இலக்கு நாலு தொடக்கம் ஆறு ரெப்ஸ். இன்னும் ஒன்று தூக்கலாம் போல இருக்கும்போதே நிறுத்துங்கள். திரும்ப மூன்று நிமிடம். பத்து வீதம் குறைத்தால் 72. தட்டுகள் பொருந்துவதற்காக 72.5 போட்டு ஆறு தொடக்கம் எட்டு. கடைசியாக 65 கிலோவில் எட்டு தொடக்கம் பத்து. சூடாக்கலோடு இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் முதுகுக்கு ஒரு பயிற்சி இதே மாதிரிச் செய்யலாம்.

ஒவ்வொரு செட்டுக்கும் தனிக் கணக்கு வையுங்கள். முதல் செட்டில் ஆறு வந்துவிட்டால் அடுத்த முறை அந்தச் செட்டுக்கு மட்டும் 82.5. இரண்டாவது செட் எட்டைத் தொடாவிட்டால் 72.5 அப்படியே இருக்கட்டும். கொப்பியிலோ போனிலோ எழுதாமல் இது நடக்காது.

பாரம் சரியா என்பதை இரண்டாவது செட் சொல்லிவிடும். குறைத்த பாரத்திலும் நாலுதான் வந்தால், ஓய்வு போதவில்லை, அல்லது முதல் செட்டில் உயிரைக் கொடுத்துவிட்டீர்கள். முழு மூன்று நிமிடம் எடுத்தும் அப்படியென்றால் பதினைந்து வீதம் குறையுங்கள். மாறாகப் பதினொன்று வந்தால் முதல் செட் உங்களுக்குப் பாரமே இல்லை.

கராஜில் தனியாகத் தூக்குபவர்களுக்கு ஒரு விஷயம். முதல் செட்டே அதிகப் பாரம் என்பதால் ராக்கின் பாதுகாப்புக் கம்பிகளை நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, வெறும் கம்பியோடு ஒருதரம் சரிபார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். முதுகை லேசாக வளைத்துத் தூக்கும்போது கம்பி அவற்றில் முட்டக் கூடாது. தூக்க முடியாமல் நெஞ்சைத் தளர்த்தினால் அவை தாங்க வேண்டும். விடியக் காலை குளிரில் தூக்குகிறீர்களா? வெறும் கம்பியில் இன்னொரு செட் சேருங்கள்.

டெட்லிஃப்டுக்கு மூன்று செட்டும் வேண்டாம். பாரமானது ஒன்று, குறைத்தது ஒன்று; நடுமுதுகுக்கு அது தாராளம். தோளைப் பக்கவாட்டில் உயர்த்துவது போன்ற சின்னப் பயிற்சிகளுக்கும் இந்த முறை தேவையில்லை, அங்கே பாரம் முக்கியமே இல்லை.

ஜிம்முக்குப் புதிதாக வந்தவர்கள் இதை இப்போது தொட வேண்டாம். கம்பி நேராகப் போக இன்னும் பழகாத கைக்கு, லேசான பாரத்தில் நிறையத் தடவை செய்வதே பாடம். அந்தத் தகப்பன் மூன்று வருடமாகத் தூக்குகிறவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதைச் சொன்னேன்.