வீடும் மின்சாரமும்: ஹோம் தியேட்டர் உறுமினால் முற்றத்தைப் பாருங்கள்



உப்புவெளிக்கு அப்பால், கடற்கரையை அண்டிய ஒரு வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுக்கப்பட்ட வீடு. கணவரை யுத்தத்தில் இழந்த அந்தத் தங்கச்சி தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய பணத்தில் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தார். அயலில் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்றால் அதை வாடகைக்குக் கேட்பார்கள். சிறிய வருமானம்தான், ஆனால் பிள்ளைகளின் ரியூஷன் காசு அதிலிருந்துதான் வருகிறது.

"அக்கா, பாட்டுப் போடாமல் இருந்தாலும் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே இருக்குது. பொழுதுபட்டால் திடீரென்று நின்றும் போகுது. கடையில் காட்டினன். உள்ளே போர்ட் மாற்ற வேணுமாம், 9000 ரூபாய் கேட்கினம்" என்றார்.

"பெட்டியின் பின்பக்க இரும்பில் கைபட்டால் ஏதும் தெரியுதா?" என்று கேட்டேன்.

"ஓம், சுள் என்று இருக்கும். சின்னவன் பயத்தில் கிட்டப் போகமாட்டான்."

அந்தப் பதிலோடு ஹோம் தியேட்டரை விட்டுவிட்டு முற்றத்துக்குப் போனோம். ஏன் என்று சொல்கிறேன்.

எர்த் கம்பி எங்கிருந்து வருகிறது?

மின்கம்பத்திலிருந்து நமது வீட்டுக்குப் பொதுவாக இரண்டு கம்பிகள்தான் வருகின்றன. ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவருவது, மற்றது நியூட்ரல். மூன்றாவதான எர்த் கம்பி கம்பத்திலிருந்து வருவதில்லை. உங்கள் வீட்டு வளவில் சுமார் 4 அடி நீளமான ஒரு கம்பியை நிலத்தில் அடித்து, அதிலிருந்து பச்சை நிற வயர் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுபோயிருப்பார்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய முள் போய்ச் சேரும் இடம் அதுதான்.

ஹோம் தியேட்டர், ரி.வி., டிஸ் பெட்டி போன்றவற்றின் உள்ளே மிகச் சிறிய அளவு மின்சாரம் இரும்புப் பெட்டிக்குக் கசிவது வழக்கம். அது பழுதல்ல, அவற்றின் அமைப்பே அப்படித்தான். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக்கிடம் தேடி, ரி.வி.யையும் ஹோம் தியேட்டரையும் இணைக்கும் ஓடியோ வயர் வழியே ஓடும். அதுதான் ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கிறது, கையில் சுள் என்று படுகிறது.

அந்தத் தங்கச்சியின் வீட்டில் எர்த் கம்பியைத் தேடிப் பிடிக்கவே நேரம் எடுத்தது. குளியலறைக்குப் பின்னால் மணலுக்குள் மூடிக் கிடந்தது. மணலைத் தட்டிப் பார்த்தால், வயரைப் பிடித்திருந்த கிளிப் உப்புக் காற்றில் பச்சை பூத்து, வயர் அறுந்து தனியே நின்றது. எப்போது அறுந்தது என்று அவருக்குத் தெரியாது.

இதில் பயப்பட வேண்டியது உறுமலுக்கல்ல. வீட்டிலுள்ள எல்லாச் சொக்கெட்டுகளின் எர்த் முள்ளும் உள்ளே ஒரே வயரில்தான் சேர்கின்றன. நிலத்துத் தொடர்பு அறுந்த வீட்டில், நாளைக்கு அயன் பொக்ஸிலோ பிறிஜ்ஜிலோ மின்சாரம் பெட்டிக்குப் பாய்ந்தால், அது அதே வயர் வழியே ஹோம் தியேட்டரின் இரும்பிலும் வந்து நிற்கும். பழுது ஒன்றில், ஆபத்து எல்லாவற்றிலும்.

"ட்றிப் சுவிட்ச் இருக்குத்தானே அக்கா, மாதா மாதம் பட்டனை அமத்திப் பார்க்கிறன், விழுகுது" என்றார் அவர். பட்டனை அமத்திப் பார்ப்பது நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் அந்தப் பட்டன் ட்றிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டுமே சொல்லும். முற்றத்து எர்த் கம்பியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எர்த் நன்றாக இருந்தால், பழுது ஏற்பட்ட உடனேயே மின்சாரம் நிலத்துக்குப் பாய்ந்து ட்றிப் சுவிட்ச் விழும். எர்த் அறுந்திருந்தால், யாராவது தொட்டு அவர் உடம்பு வழியே பாயும்போதுதான் விழும். அந்த யாராவது ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம்.

மறுநாள் வயரிங் செய்யும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டோம். கிணற்றடித் தண்ணீர் வடிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் புதிய செப்புப் பூச்சுக் கம்பி அடித்து, புதிய கிளிப் போட்டு, மீற்றர் வைத்து அளந்து பார்த்தார். நமது கரையோர மணல் கச்சான் காற்றுக் காலத்தில் நன்றாகக் காய்ந்துவிடும். காய்ந்த மணலில் மின்சாரம் இறங்காது. அதனால்தான் ஈரமான இடம். மாரியில் இல்லாத உறுமல் வெயில் காலத்தில் வந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கையில் சுள்ளென்பது இல்லை, உறுமலும் அடங்கிவிட்டது.

உறுமல் எங்கிருந்து என்று நீங்களே அறிய

எர்த் சரியாக இருந்தும் உறுமினால், ஹோம் தியேட்டரை நிறுத்தி, ரி.வி.யிலிருந்தும் டிஸ் பெட்டியிலிருந்தும் வரும் ஓடியோ வயர்களைக் கழற்றிவிட்டு, திரும்பப் போடுங்கள். உறுமல் நின்றால் பழுது பெட்டிக்குள் இல்லை. வெளியிலிருந்து வயர் வழியாக வருகிறது. ரி.வி., டிஸ் பெட்டி, ஹோம் தியேட்டர் மூன்றையும் ஒரே இடத்துச் சொக்கெட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் குறையும். எல்லா வயரையும் கழற்றியும் ஸ்பீக்கர் உறுமினால் உள்ளே பழுதிருக்கிறது, அப்போது கடைக்குக் கொண்டுபோவது சரி. ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டியே அதிர்ந்து சத்தமிட்டால் அது உள்ளிருக்கும் ட்ரான்ஸ்போர்மரின் சத்தம். வோல்டேஜ் கூடும் நேரத்தில் அது கூடும்.

உறுமலை நிறுத்த எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொல்பவர்களும் உண்டு. சத்தம் நிற்கலாம், உயிரும் நிற்கலாம். அதைச் செய்யவே வேண்டாம்.

பொழுதுபட்டால் நின்றுபோவது

எர்த் சரிவந்த பிறகும் தங்கச்சியின் ஹோம் தியேட்டர் இரவில் நின்றது. இது வேறு காரணம். நமது மின்சாரம் 230 வோல்ட். 6 வீதம் கூடிக் குறையலாம் என்பது விதி. அதாவது ஏறத்தாழ 216க்கும் 244க்கும் இடையில் இருக்கவேண்டும். மீற்றரில் பார்த்தபோது பகலில் 228 இருந்தது. இரவு 7 மணிக்கு, எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரம், 198க்கு இறங்கியது. அவர் வீடு லைனின் கடைசியில் இருக்கிறது.

ஆனால் ஹோம் தியேட்டரை நிறுத்தியது குறைந்த வோல்டேஜ் அல்ல, அவர் வைத்திருந்த ஸ்ரெபிலைசர். அது பிறிஜ்ஜுக்கு உரியது. பிறிஜ்ஜின் மோட்டரைக் காப்பாற்றுவதற்காக, வோல்டேஜ் ஒருமுறை விழுந்தால் சில நிமிடங்கள் மின்சாரம் கொடுக்காமல் காத்திருக்கும். விளக்கு எரிய, ஹோம் தியேட்டர் மட்டும் செத்துக் கிடந்ததன் காரணம் இதுதான். இடையிடையே 'டிக்' என்ற சத்தத்தோடு பாட்டு வெட்டியதும் ஸ்ரெபிலைசர் மாறும்போது வந்த வெட்டுத்தான்.

உங்கள் பெட்டியின் பின்பக்க லேபலைப் பாருங்கள். 100–240V என்று இருந்தால் 198 வோல்ட்டிலும் அது வேலை செய்யும், குறைந்த வோல்டேஜுக்காக ஸ்ரெபிலைசர் வாங்கத் தேவையில்லை. தங்கச்சியின் பெட்டியில் அப்படித்தான் இருந்தது. ஸ்ரெபிலைசரைப் பிறிஜ்ஜுக்கு மாற்றினோம், நிற்பது நின்றது. 230V என்று மட்டும் இருந்தால் ரி.வி.க்கு உரிய, காத்திருக்காத ஸ்ரெபிலைசர் நல்லது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் 100V அல்லது 120V என்று மட்டும் இருந்தால் நேரே செருகவே வேண்டாம், எரிந்துவிடும்.

அளவையும் லேபலிலேயே பாருங்கள். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 3000 வோட்ஸ் விளம்பரத்துக்கானது. லேபலில் ஹோம் தியேட்டர் 90, ரி.வி. 80 என்றால் மொத்தம் 170 வோட்ஸ். அதற்கு 500 விஏ ஸ்ரெபிலைசர் தாராளம். ஸ்ரெபிலைசர் எர்த்துக்கு மாற்றல்ல, இடி மின்னலையும் தடுக்காது. மின்னும்போது பிளக்கையும் டிஸ் வயரையும் கழற்றுவதே பாதுகாப்பு.

அடப்டர்கள்

அடப்டர் என்று நாம் சொல்வது இரண்டு. ஒன்று, சிறிய வூபர் செட்டுகளோடு வரும் கறுப்புப் பெட்டி. வூபரின் பின்னால் 12V 3A என்று இருக்க, தொலைந்த அடப்டருக்குப் பதிலாக 12V 1A போட்டால், மெதுவாகப் பாடும், சத்தத்தைக் கூட்டினால் நின்றுவிடும். வோல்ட் ஒன்றாகவே இருக்கவேண்டும், அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். கூட்டல், கழித்தல் அடையாளப் படமும் ஒத்திருக்க வேண்டும்.

மற்றது, உருண்டை முள்ளைச் சதுரத் துளையில் செருகத் தரும் மாற்றி. அதில் எர்த் முள் வெறும் பிளாஸ்டிக் என்றால் எர்த் அதோடு முடிந்தது. எர்த் துளைக்குள் பேனையைச் செருகி இரண்டு முள் பிளக்கைத் திணிப்பதும் நமது வீடுகளில் வழக்கம். சொக்கெட்டின் பிடி தளர்ந்து, சூடேறி, பொரிந்து, பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். சொக்கெட் மண்ணிறமாகியிருந்தால், தொடச் சூடாக இருந்தால், அதை மாற்றுங்கள்.

எப்போது மின்சார அலுவலகத்துக்கு?

அயன் போடும்போது மட்டும் விளக்கு மங்கினால் குறை பெரும்பாலும் உங்கள் வீட்டு வயரிங்கில். இரவில் அயல் முழுவதும் மங்கினால் அது லைனின் குறை. எத்தனை மணிக்கு எவ்வளவு வோல்ட் என்று ஒரு கிழமைக்கு எழுதி, அயலவருடன் சேர்ந்து கொடுங்கள். விளக்கு திடீரென வழமையைவிடப் பிரகாசமாகி, பக்கத்து வீட்டில் மங்கினால் நியூட்ரல் கம்பி விட்டிருக்கலாம். அப்போது மெயின் சுவிட்சை உடனே நிறுத்திவிட்டு அறிவியுங்கள். இலக்கம் உங்கள் மின்சாரப் பட்டியலில் இருக்கும்.

அந்தத் தங்கச்சிக்குக் கம்பி, கிளிப், வயர், கூலி எல்லாம் சேர்த்தும் கடைக்காரர் கேட்ட 9000 ரூபாய் வரவில்லை. புதிய கிளிப்பை மணல் மூடாமல் சுற்றிவர நான்கு கல் வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை, ட்றிப் சுவிட்ச் பட்டனை அமத்தும் அதே நாளில், அங்கேயும் போய்ப் பார்க்கிறாராம். நீங்களும் இந்த மாதம் உங்கள் வளவில் அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். வயர் அறுந்திருந்தால் கையால் தொடாமல், வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.